வங்கியின் அடையாள மீள்சரிபார்ப்புப் படிவம்: அனுப்புமுன் ஒப்புநோக்க வேண்டிய திகதிகளும் முகவரியும்

பணமோசடித் தடுப்பு விதிகளின்படி ஐக்கிய இராச்சியத்திலுள்ள வங்கிகள், தம் வாடிக்கையாளர் பற்றிய விபரங்களைக் காலத்துக்குக் காலம் மீளச் சரிபார்க்கக் கடமைப்பட்டுள்ளன. அதற்கான படிவம் உங்கள் கைக்குக் கிடைத்தால் கடிதத்திலுள்ள இறுதித் திகதியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். உரிய ஆவணங்கள் அத்திகதிக்குள் கிடைக்காவிடின் வங்கி கணக்கைக் கட்டுப்படுத்தக்கூடும். வீட்டு வாடகையும் மின்கட்டணமும் அக்கணக்கிலிருந்தே செல்லுமாயின் அவையும் தடைப்படும்.

நடைமுறையில் எதிர்ப்படும் நிலைமையை விளக்க ஓர் உதாரணத்தைக் கருதுவோம். ஒருவருக்கு ஜூன் 30 இறுதித் திகதியாகக் கொடுக்கப்பட்டது. அவர் மே 25 அன்று படிவத்தை நிரப்பி, சாரதி அனுமதிப்பத்திரத்தையும் மார்ச் 10 திகதியிட்ட வேறொரு வங்கியின் கணக்குக்கூற்றையும் எடுத்துவைத்தார். அன்று இரண்டும் செல்லுபடியாகவே இருந்தன. ஆனால் அவர் படிவத்தை ஜூன் 12 அன்றே தபாலிட்டார். வங்கி அதனை ஜூன் 18 அன்று பரிசீலித்தது. கணக்குக்கூற்று மூன்று மாதங்களுக்கு உட்பட்டதாக இருத்தல் வேண்டும் என்பது அவ்வங்கியின் நிபந்தனை. அக்காலம் ஜூன் 10 அன்றே கடந்துவிட்டது. அனுமதிப்பத்திரமும் ஜூன் 14 அன்று காலாவதியாகிவிட்டது. படிவம் திருப்பி அனுப்பப்பட்டது.

இங்கு இரு தவறுகள் நேர்ந்தன. முதலாவது, நிரப்பும் நாளைக் கொண்டு திகதிகளைக் கணித்தமை. ஆவணம் பரிசீலிக்கப்படும் நாளில் செல்லுபடியாக இருத்தல் வேண்டும். ஆகவே இறுதித் திகதியைக் கணிப்பு நாளாகக் கொள்ளுங்கள். தபாலில் அனுப்புவோர் மேலும் இரண்டு வாரங்களைக் கூட்டிக்கொள்வது பாதுகாப்பானது.

இரண்டாவது, பிழையான திகதியைப் பார்த்தமை. சாரதி அனுமதிப்பத்திரத்தில் பல திகதிகள் உள. பின்புறத்தில் 11ஆம் நிரலில் காணப்படுவது வாகனம் செலுத்தும் உரிமை முடிவடையும் திகதி. அது பெரும்பாலும் எழுபது வயதுவரை நீளும். புகைப்பட அட்டை முடிவடையும் திகதியோ முன்புறத்தில் 4b என்னும் இலக்கத்தின் எதிரே உள்ளது. வங்கி பார்ப்பது இதனையே.

உயிரளவியல் வதிவிட அட்டை வைத்திருப்போரும் கவனிக்க வேண்டும். நீண்டகால அனுமதி பெற்ற பலரின் அட்டைகளிலும் 2024 டிசம்பர் 31 என்ற திகதியே பொறிக்கப்பட்டிருந்தது. அத்திகதி கடந்தமையால் வதிவிட உரிமை முடிந்துவிடாது. ஆயினும் அட்டை காலாவதியானதே. அடையாளத்துக்கு நடைமுறையிலுள்ள கடவுச்சீட்டை இணையுங்கள். குடிவரவு நிலை கேட்கப்பட்டால் மின்விசாக் கணக்கிலிருந்து பகிர்வுக் குறியீட்டைப் பெற்று வழங்கலாம். அக்குறியீடு 90 நாட்களுக்கே செல்லும்.

அடுத்தது முகவரி. மேற்கூறியவர் பிரிக்கப்பட்ட வீடொன்றின் மேல்மாடியில் வசிக்கின்றார் எனக் கொள்வோம். கவுன்சில் வரிச் சிட்டையில் ‘முதலாம் மாடிக் குடியிருப்பு, 14’ என்றும், எரிவாயுச் சிட்டையில் ‘14ஏ’ என்றும், படிவத்தில் வெறுமனே ‘14’ என்றும் முகவரி உள்ளது. அவருக்கு இம்மூன்றும் ஒரே வீடு. பரிசீலிக்கும் அலுவலருக்கோ மூன்று வெவ்வேறு முகவரிகள்.

ஆகவே ஒரு வடிவத்தைத் தெரிந்து அதனையே எங்கும் பயன்படுத்துதல் வேண்டும். தெருக்களுக்குப் பெயரும் வீடுகளுக்கு இலக்கமும் இடும் பொறுப்பு உள்ளூராட்சி மன்றத்துக்குரியது. எனவே கவுன்சில் வரிச் சிட்டையிலுள்ள வடிவத்தைத் தொடக்கமாகக் கொண்டு, ரோயல் மெயில் இணையத்தளத்தில் அஞ்சல் குறியீட்டை இட்டுத் தேடி, இரண்டும் பொருந்துகின்றனவா எனப் பாருங்கள். பொருந்தாவிடின் எம்மைத் தொடர்புகொள்ளுங்கள். பொருந்தினால் அவ்வடிவத்தையே படிவத்தில் எழுதி, வேறுபடும் நிறுவனத்திடம் திருத்தம் கோருங்கள். திருத்திய சிட்டை வந்த பின்னரே படிவத்தை அனுப்புங்கள். அது இறுதித் திகதிக்குள் வராதெனத் தோன்றினால், முன்கூட்டியே வங்கிக்கு அறிவித்துக் கால நீடிப்புக் கேளுங்கள்.

வீடு மாறியோர் சாரதி அனுமதிப்பத்திரத்தில் முகவரியை மாற்றுவது சட்டக் கடமை. மாற்றுவதற்குக் கட்டணம் இல்லை. மாற்றாதிருந்தால் 1,000 பவுண் வரை அபராதம் விதிக்கப்படலாம். ஒரே ஆவணத்தை அடையாளத்துக்கும் முகவரிக்கும் பல வங்கிகள் ஏற்பதில்லை என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். அனுமதிப்பத்திரத்தை அடையாளத்துக்குக் காட்டினால், முகவரிக்கு நடப்பு ஆண்டின் கவுன்சில் வரிச் சிட்டையை இணைக்கலாம். அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையாகும். சிட்டை கணவர் அல்லது மனைவியின் பெயரில் மட்டும் இருந்தால், அது உங்களுக்கு முகவரிச் சான்றாகாது.

ஒவ்வொரு வங்கியும் ஏற்கும் ஆவணங்கள் வேறுபடும். படிவத்துடன் வந்த பட்டியலே முடிவானது. அனுப்புமுன் எல்லா ஆவணங்களையும் மேசையில் அருகருகே வைத்து, முடிவுத் திகதியையும் முகவரியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, பிரதியொன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.