லேப் ஹெட்டுக்குக் கடிதமா? அனுப்பும் முன் இங்கே கொஞ்சம் உட்கார்

உன் ஆர்வத்தைப் பற்றி அவர் படிக்க மாட்டார் கண்ணு. நாளைக் காலையில் எந்த வேலையை உன்னிடம் ஒப்படைத்துவிட்டு அவர் நிம்மதியாக வகுப்புக்குப் போகலாம்? கடிதத்தில் அவர் தேடுவது அதை மட்டும்தான். "சிறு வயது முதலே அறிவியலில் நாட்டம்" என்று ஆரம்பித்திருக்கிறாய் அல்லவா, முதலில் அதை அடி.

உதாரணத்துக்கு, ஆம்பூரிலிருந்து எம்.எஸ்சி. வேதியியல் முடித்த ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். ஷூ தோலில் குரோமியம் சிக்ஸ் இருக்கிறதா என்பதுதான் தீசிஸ். நம் பக்கம் தோலைப் பெரும்பாலும் குரோமியம் த்ரீ உப்பில்தான் பதனிடுகிறார்கள். அது சில சூழலில் சிக்ஸாக மாறிவிடும், அதுதான் ஆபத்தானது. உடம்பில் படும் தோல் பொருளில் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினாலே 2015 முதல் ஐரோப்பாவில் விற்க முடியாது. விஷயம் இவ்வளவு சூடாக இருக்க, அவள் எழுதியது: "தோலில் உள்ள குரோமியத்தை நவீன முறைகளில் ஆய்வு செய்தேன்." இதை வைத்து யார் என்ன செய்வது?

கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும். ஆனால் விஷயத்தை முதலில் தமிழில் எழுதிப் பார். மழுப்பல் உடனே பல்லை இளிக்கும்.

1. தீசிஸ் முறை: நாலு வரி போதும்

இப்படி இருக்கட்டும்:

"ஷூ மேல்தோலில் குரோமியம் சிக்ஸை ஐஎஸ்ஓ 17075-1 முறைப்படி அளந்தேன். பொடியாக நறுக்கிய 2 கிராம் தோலை, ஆக்ஸிஜன் நீக்கிய 100 மி.லி. பாஸ்பேட் கரைசலில், பிஎச் 8-ல், 3 மணி நேரம் குலுக்கினேன். வடிகட்டி, டைஃபீனைல்கார்பசைடு சேர்த்து, 540 நானோமீட்டரில் அளந்தேன். 12 சாம்பிளில் 2-ல் ரெக்கவரி 80 சதவீதத்துக்குக் கீழே போனது. இரண்டும் மரப்பட்டை டானின் சேர்த்த தோல்கள்."

உனக்கு அழைப்பு வாங்கித் தரப்போவது அந்தக் கடைசி வரிதான். ரெக்கவரி என்றால், வடிகட்டிய கரைசலில் தெரிந்த அளவு குரோமியம் சிக்ஸை நாமே சேர்த்து, அதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்ப்பது. டானின் அதை மறுபடி குரோமியம் த்ரீயாக மாற்றிவிடும். அப்போது அளவு குறைவாக வந்தால் தோல் சுத்தம் என்று அர்த்தமில்லை. உள்ளே இருந்ததையும் அதுவே தின்றிருக்கலாம். இது புரிந்த பெண் என்று லேப் ஹெட்டுக்கு ஒரே வரியில் தெரிந்துவிடும். நீயோ கைடு திட்டுவார் என்று இதை மறைக்கப் பார்க்கிறாய்!

கறுப்புத் தோல் எடுத்திருந்தால் இன்னொரு வரி சேர். சாயம் கரைசலில் இறங்கினால் அதன் நிறமும் 540-ல் சேர்ந்து அளவு பொய்யாக ஏறும். கார்ட்ரிட்ஜில் வடித்தாயா, ப்ளாங்க் வைத்துக் கழித்தாயா, கறுப்பே வேண்டாம் என்று விட்டாயா? எது செய்திருந்தாலும் சரி, எழுது.

2. கருவிகள்: பட்டியல் போடாதே, பிரித்துப் போடு

யுவி, ஏஏஎஸ், எஃப்டிஐஆர், எஸ்இஎம், எக்ஸ்ஆர்டி என்று வரிசையாக அடுக்கினால் நேரில் மாட்டிக்கொள்வாய். "ஏஏஎஸ்-ல் குரோமியத்துக்கு எந்த ஃப்ளேம் வைத்தீர்கள்?" என்று கேட்டால் என்ன சொல்வாய்? சாம்பிளை டப்பாவில் போட்டு வெளி லேபுக்கு அனுப்பினவள்தானே நீ! அனுப்பியது தப்பில்லை, நம் கல்லூரிகளில் பாதிப் பேர் அப்படித்தான். மூன்றாகப் பிரித்துவிடு:

- தனியாக இயக்கியது: யுவி-விசிபிள், பிஎச் மீட்டர், ஷேக்கர். மெஷின் முகப்பில் இருக்கும் மாடல் பெயரைப் பார்த்து எழுது.
- ஆபரேட்டர் பக்கத்தில் இருக்க இயக்கியது: எஃப்டிஐஆர்.
- வெளியே கொடுத்து வாங்கியது: மொத்த குரோமியத்துக்கு ஏஏஎஸ். "ஆசிட் டைஜஷன் மட்டும் நான் செய்தேன்" என்று சேர்த்தால், அந்தப் பாதி வேலை உனக்குத் தெரியும் என்பது பதிவாகிவிடும்.

எக்ஸலில் கேலிப்ரேஷன் கோடு போட்டிருந்தால் அதைச் சொல். எம்எஸ் வேர்டு தெரியும் என்பதை எழுதாதே, சிரிப்பார்கள்.

3. நேரம்: எல்லாரும் கோட்டை விடுகிற இடம்

"திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் மாலை 5 முதல் 7 வரை வர முடியும்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, வாரத்துக்கு 10 மணி நேரம். ஆனால் மேலே சொன்ன சோதனையில் குலுக்கவே 3 மணி நேரம். அதற்கு முன்னால் நறுக்கி, எடை போட்டு, கரைசலில் நைட்ரஜன் விட வேண்டும். பிறகு வடிகட்டி, பிஎச் பார்த்து, நிறம் வரக் காத்திருந்து அளக்க வேண்டும். கரைசலை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்கவும் முடியாது, உள்ளே இருப்பது மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு மணி நேரத் துண்டுகளை வைத்துக்கொண்டு ஒரு சாம்பிளைக்கூட முடிக்க முடியாது.

அதனால் இப்படி எழுது: "செவ்வாய், வியாழன் முழு நாள், சனி காலை 9 முதல் 1 வரை. முழு நாட்களில் ஒரு தொகுதி சாம்பிளை ஆரம்பித்து அன்றே முடிக்க முடியும்." உன் நேரத்தை மட்டும் சொல்லாமல், அதற்குள் என்ன முடியும் என்பதையும் சொல்லிவிட்டாய், பார்த்தாயா?

ஆம்பூரிலிருந்து காட்பாடிக்கு ரயிலில் வருகிறாய் என்றால் 9 என்று எழுதிவிட்டு 9.40-க்கு மூச்சிரைக்க நிற்காதே. 10 என்றே எழுது. ரம்ஜான் மாதத்தில் நேரம் மாறுமா? நெட் தேர்வுக்கு லீவு வேண்டுமா? ஜூலையில் பிஎச்.டி. சேரும் எண்ணம் இருக்கிறதா? மூன்றையும் இப்போதே சொல். சேர்ந்து இரண்டாம் மாதம் சொன்னால் கசப்புதான் மிஞ்சும்.

ஒரு விஷயம். சென்னை அடையாறு சிஎல்ஆர்ஐ போன்ற அரசு ஆய்வகங்களில் ப்ராஜெக்ட் வேலைக்கு அறிவிப்பு வரும், வேலையும் பொதுவாக முழு நேரம். அங்கே இந்த செவ்வாய், வியாழன் கதை எடுபடாது. அறிவிப்பு எண்ணையும் பதவிக் குறியீட்டையும் பொருள் வரியில் போட்டு, எந்தத் தேதியிலிருந்து சேரலாம் என்று மட்டும் எழுது.

4. தோல் கொடுத்த கம்பெனி பெயரை வெளியே விடாதே

இது நம் ஊருக்கே உரிய ஆபத்து. தெரிந்த மாமா மூலமாகக் கேட்டு டேனரியிலிருந்து துண்டுத் தோல் வாங்கியிருப்பாய். "இன்ன கம்பெனி தோலில் குரோமியம் சிக்ஸ் அதிகம்" என்று கடிதத்தில் எழுதினால், அது யார் கைக்குப் போகும் என்று உனக்குத் தெரியாது. ஏற்றுமதி ஆர்டர் சம்பந்தப்பட்ட விஷயம். லேப் ஹெட்டும் யோசிப்பார், நாளை நம் லேப் ரிசல்ட்டையும் இவள் இப்படித்தான் ஊரெல்லாம் சொல்வாளோ என்று. "ஆம்பூர் பகுதியில் வாங்கிய மேல்தோல், சாம்பிள் ஏ முதல் எல் வரை" போதும்.

5. மிச்சம் சில்லறை

- ஒரே பக்கம். முழு தீசிஸை இணைக்காதே, முறை அத்தியாயமும் ஒரு கேலிப்ரேஷன் படமும் போதும்.
- ஃபைலுக்கு உன் பெயரை வை. "ஃபைனல் நியூ 3" என்று அனுப்பாதே.
- கைடு பெயரைக் குறிப்பிடுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேள். போன் வந்தால் அவர் "யார் அது?" என்று விழிக்கக் கூடாது.
- ஒரே கடிதத்தைப் பத்துப் பேருக்கு ஒரே மெயிலில் அனுப்பாதே. அவர்களுக்குள் எல்லாரும் தெரிந்தவர்கள்.
- பத்து நாளில் பதில் இல்லையென்றால் அதே மெயிலின் கீழே இரண்டு வரி நினைவூட்டு. அதற்குள் உன் கிழமைகள் மாறியிருந்தால் புதிய நேரத்தையும் அதிலேயே சேர்த்துவிடு.