இரவில் வரும் அரிப்பு

நுழையும்முன்

வெயிலால் வரும் அரிப்பு, தொழிலால் வரும் அரிப்பு, தொற்றால் வரும் அரிப்பு ஆகிய மூன்றும் முதற்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஒன்றை மற்றொன்றாகக் கருதி மருந்திட்டால் நோய் நீங்காது. வீடு முழுவதும் பரவும். இவற்றுள் சொறிசிரங்கைப் பிரித்தறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு வீட்டின் கதை

சிவகாசியை அடுத்துள்ள விஸ்வநத்தத்தில் ஒரு குடும்பம் வாழ்வதாகக் கற்பனை செய்துகொள்வோம். தந்தை பட்டாசு ஆலையில் மருந்து அடைக்கும் வேலை செய்கிறார். தாய் வீட்டிலிருந்தபடியே பட்டாசுக்கான காகிதக் குழாய் சுற்றுகிறார். அவர்களுக்குப் பதினொரு வயதில் ஒரு மகளும் எட்டு மாதக் கைக்குழந்தையும் உள்ளனர். மகள் பாட்டியோடு ஒரே பாயில் உறங்குவாள்.

சித்திரைப் பொங்கலுக்கு வந்த உறவுக்காரச் சிறுமி ஒரு வாரம் அதே பாயில் உறங்கிச் சென்றாள். அவள் அடிக்கடி கையைச் சொறிந்ததை எவரும் பொருட்படுத்தவில்லை. ஏறத்தாழ ஐந்து வாரங்கள் கழித்து, வைகாசியில், மகளுக்கு இரவுதோறும் அரிப்பெடுத்தது. விரல் இடுக்குகளில் சிறுசிறு கொப்புளங்கள் தோன்றின. வீட்டார் அதனை வேர்க்குரு என்றனர். ஆனி பிறந்தபோது தாயும் சொறியத் தொடங்கினார். குழந்தை உறங்காமல் அழுதது. தந்தையின் விரல்களிலும் புள்ளிகள் தோன்றின. அவர் அதற்கு ஆலையின் மருந்தே காரணம் என்று எண்ணினார். பாட்டிக்கு மட்டும் எந்தத் தொல்லையும் இல்லை.

தோலுக்குள் நிகழ்வது

இந்நோய்க்குக் காரணம் எட்டுக்கால்கள் கொண்ட ஒரு சிற்றுண்ணி. அதன் நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பெண் உண்ணி தோலின் மேலடுக்கைக் குடைந்து வளை அமைத்து, நாளொன்றுக்கு இரண்டு மூன்று முட்டைகள் இடும். முட்டையிலிருந்து வெளிவருபவை இரண்டு வாரங்களுக்குள் முழு வளர்ச்சி அடைகின்றன.

உண்ணி கடிப்பதால் அரிப்பு ஏற்படுவதில்லை. உண்ணியையும் அதன் கழிவுகளையும் அயற்பொருளாக உணர்ந்து உடல் காட்டும் ஒவ்வாமையே அரிப்பாகிறது. அவ்வொவ்வாமை உருவாக, முதன்முறை தொற்றுக்கு உள்ளானவருக்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் அவருக்கு எந்த அறிகுறியும் தோன்றாது; ஆயினும் அவர் பிறருக்கு நோயைப் பரப்புவார். சித்திரையில் வந்த தொற்று மகளிடம் வைகாசியில் வெளிப்பட்டதும், அவளிடமிருந்து தொற்றிய தாய்க்கு ஆனியில் அரிப்பெடுத்ததும் இதனால்தான். பாட்டிக்கு அரிப்பு இல்லை என்பதால் அவரிடம் உண்ணி இல்லை என்று கூற இயலாது.

> தெரியுமா?
> கென்னத் மெலன்பி என்னும் ஆய்வாளர் 1941ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் தன்னார்வலர்களைக் கொண்டு இந்நோயை ஆராய்ந்தார். நோயாளிகள் பயன்படுத்திய போர்வைகளில் உறங்கியவர்களுள் மிகச் சிலருக்கே நோய் தொற்றியது. தோலோடு தோல் நெடுநேரம் படுவதே பரவலுக்கு முதன்மைக் காரணம் என அவர் கண்டார். ஒரு நோயாளியின் உடலில் சராசரியாகப் பதினொரு உண்ணிகளே இருந்தன என்பதும் அவர் கண்டறிந்ததே.

மூன்று கேள்விகள்

அரிப்பின் காரணத்தை அறிய, முதலில் 'யாருக்கு?' என்று கேட்க வேண்டும். வேதிப்பொருளால் வரும் தோல் அழற்சி அப்பொருளைத் தொடுபவரையே தாக்கும். நம் கதையில் ஆலைக்குச் செல்லாத மகளுக்கே முதலில் அரிப்பு வந்தது, கைக்குழந்தைக்கும் வந்தது. எனவே, ஆலை மருந்தைக் காரணமாகக் கொள்ள இயலாது.

அடுத்த கேள்வி 'எப்போது?' என்பது. தொழிலால் வரும் எரிச்சல் வேலை நாள்களில் மிகும். சில நாள் விடுமுறையில் தணியும். வேர்க்குரு வியர்க்கும் பகலில் உறுத்தும். உடல் குளிர்ந்தால் அடங்கும். சொறிசிரங்கின் அரிப்போ இரவில் படுத்து உடல் கதகதப்படைந்த பின்னர் மிகும், உறக்கத்தைக் கெடுக்கும்.

மூன்றாவது கேள்வி 'எங்கே?' என்பது. வேர்க்குரு கழுத்திலும் முதுகிலும் மார்பிலும் பரவும். சொறிசிரங்கு விரல் இடுக்கு, மணிக்கட்டின் உட்புறம், அக்குள், தொப்புளைச் சுற்றிய பகுதி, இடுப்பு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களை நாடும். கைக்குழந்தைகளுக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலை ஆகிய இடங்களிலும் வரும்.

இவ்விடங்களை நல்ல வெளிச்சத்தில் உற்றுநோக்கினால், சில மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய வளைகோடு ஒன்று தென்படக்கூடும். அதுவே உண்ணியின் வளை. ஐயமுள்ள இடத்தில் மருத்துவர் மையைத் தடவித் துடைப்பதும் உண்டு. அப்போது மேற்பரப்பின் மை நீங்கிவிட, வளைக்குள் இறங்கிய மை கோடாக நிற்கும். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் உண்ணியையோ முட்டையையோ கண்டால் நோய் உறுதியாகும். ஆனால், உடலில் உண்ணிகள் மிகச் சிலவே இருப்பதால், காணாமற்போவதைக் கொண்டு நோயில்லை என முடிவு செய்தல் கூடாது. அரிப்பு, அரிப்புள்ளவரோடு நெருக்கம், உரிய இடங்களில் உரிய புள்ளிகள் ஆகிய மூன்றும் ஒருசேர அமைந்தால், உண்ணியைக் காணாமலே மருத்துவர் நோயை முடிவு செய்யலாம்.

மருந்து தவறும் இடம்

இவ்வீட்டார் மகளுக்கு மட்டும் மருந்திட்டார்கள் எனக் கொள்வோம். அவள் உடலிலிருந்த உண்ணிகள் மடியும். ஆனால், பாட்டியிடமிருந்து அவளுக்கு மீண்டும் தொற்றும். உடல் முன்பே ஒவ்வாமை கொண்டிருப்பதால், இம்முறை ஓரிரு நாள்களிலேயே அரிப்பெடுக்கும். மருந்து பயனற்றது என்று வீட்டார் எண்ணுவர். உண்மையில், தவறியது மருந்தன்று, மருந்திட்ட முறையே.

எனவே, அரிப்பு உள்ளவர் இல்லாதவர் என்ற வேறுபாடின்றி, வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் மருந்திட வேண்டும். மருத்துவர் பரிந்துரைக்கும் 5 விழுக்காடு பெர்மெத்ரின் களிம்பை, கழுத்து முதல் கால்விரல் வரை, நகக்கண்களையும் விடாமல் இரவில் பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். முதற்பூச்சுக்குத் தப்பிய முட்டைகளிலிருந்து வெளிவருபவற்றை அழிக்க, ஒரு வாரம் கழித்து மீண்டும் பூச வேண்டும். குழந்தைக்குத் தலையிலும் பூச வேண்டியிருப்பதால் மருத்துவரின் வழிகாட்டுதல் தேவை. அன்றைய துணிகளையும் விரிப்புகளையும் வெந்நீரில் துவைக்கலாம். துவைக்க இயலாதவற்றை நெகிழிப்பையில் ஒரு வாரம் கட்டி வைக்கலாம். மனித உடலைப் பிரிந்த உண்ணி இரண்டு மூன்று நாள்களுக்குமேல் உயிர்வாழ்வதில்லை.

உண்ணிகள் மடிந்த பின்னும் அவற்றின் எச்சங்கள் தோலில் இருப்பதால், அரிப்பு இரண்டு முதல் நான்கு வாரங்கள் நீடிக்கலாம். அதற்காக மருந்தை நாள்தோறும் பூசுதல் தவறு. ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தாமாகவே வாங்கிப் பூசுவது அதனினும் தவறு. அது அரிப்பைச் சற்றே அடக்கி, நோயின் அடையாளத்தை மறைத்துவிடும், உண்ணிகள் பெருகிக்கொண்டிருக்கும்.

சொறிந்த இடத்தில் நுண்ணுயிரி புகுந்தால் புண் சீழ்வைக்கும். சிலவகை நுண்ணுயிரிகளால் சிறுநீரக அழற்சியும் உண்டாகும். சிரங்குற்ற குழந்தையின் முகம் வீங்கினாலோ சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் வெளியேறினாலோ அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

கற்பவை கற்றபின்...

1. கதையில் வரும் தந்தை, தம் விரல்களில் தோன்றிய புள்ளிகளுக்கு ஆலை மருந்தே காரணம் என்கிறார். மூன்று கேள்விகளின் வழி அவருக்கு விடை கூறுக.
2. அரிப்பு இல்லாத பாட்டியும் மருந்திட வேண்டியதன் காரணத்தை விளக்குக.