சும்மாவுக்குப் பிறகு வந்த ஓமம்: காணொளி உபதலைப்புகளில் சமயச் சொற்களைத் திருத்துதல்

காணொளியில் ஒருவர் பேசப் பேச, கீழே வரிகளாக ஓடும் எழுத்தை உபதலைப்பு என்கிறோம். இப்போது கணினியே பேச்சைக் கேட்டு அதை எழுதித் தருகிறது. அன்றாடத் தமிழைப் பெரும்பாலும் சரியாகவே எழுதுகிறது. அரபியிலிருந்தும் வடமொழியிலிருந்தும் வந்த சமயச் சொற்களில்தான் அதிகம் தடுமாறுகிறது.

ஒரு மாணவியின் உரையில் இவ்வாறு இரு வாக்கியங்கள் வருவதாகக் கொள்வோம்: “வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வாப்பா ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். அன்று பக்கத்து வீட்டில் ஹோமம் நடந்தது.” கணினி எழுதிய கோப்பு இப்படி இருக்கலாம்:

```
7
00:00:31,400 --> 00:00:35,100
வெள்ளிக்கிழமை சும்மாவுக்குப் பிறகு
வாப்பா கச்சுக்குப் புறப்பட்டார்

8
00:00:35,300 --> 00:00:38,000
அன்று பக்கத்து வீட்டில் ஓமம் நடந்தது
```

ஏன் இப்படி நடக்கிறது? கேட்ட ஒலிக்கு அருகில் உள்ள சொற்களில், தான் அதிகம் கண்டதையே கணினி தேர்ந்தெடுக்கிறது. “சும்மா” தமிழில் எங்கும் உள்ள சொல், “ஜும்ஆ” அரிது. போதாததற்கு நாமும் அதை ஜும்ஆ, ஜும்மா, ஜூம்ஆ என்று பலவிதமாக எழுதுகிறோம். ஆகவே கணினி எதையும் உறுதியாகக் கற்றுக்கொள்வதில்லை.

மேலே உள்ள கோப்பின் பெயர் .srt என்று முடியும். அதைச் சாதாரண Notepad செயலியிலேயே திறக்கலாம். முதல் வரி தொடர் எண். இரண்டாவது, எழுத்து தோன்றும் நேரமும் மறையும் நேரமும். இவ்விரண்டையும் தொடாமல் பேச்சு வரிகளை மட்டும் மாற்றுங்கள். சேமிக்கும்போது UTF-8 என்பதைத் தெரிவு செய்யாவிட்டால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடக் கூடும்.

“சும்மா”வை எல்லா இடங்களிலும் ஒரே தட்டில் “ஜும்ஆ” ஆக்கிவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். அதே உரையில் “சும்மா இருக்காதீர்கள்” என்று எங்காவது வந்தால் அதுவும் மாறிப்போகும். “கச்” என்பதை “ஹஜ்” ஆக்கினால் இன்னும் மோசம்: “கச்சுக்கு” என்பது “ஹஜ்சுக்கு” ஆகும், கச்சேரிக்குப் போனவர் “ஹஜ்சேரி”க்குப் போவார்! தேடுவதற்குக் கணினியைப் பயன்படுத்துங்கள். மாற்றுவதை ஒவ்வொன்றாக, ஒலியைக் கேட்டுக்கொண்டே செய்யுங்கள். வேற்றுமை உருபையும் கவனிக்க வேண்டும்: ஜும்ஆவுக்கு, ஹஜ்ஜுக்கு, ஹதீஸில்.

“ஓமம்” சற்று வேறு வகை. வேள்வியைக் குறிக்கும் ஹோமம் என்ற சொல்லைத் தமிழ் மரபுப்படி ஓமம் என்று எழுதுவது பிழையல்ல. ஆனால் இன்றைய வாசகருக்கு முதலில் நினைவுக்கு வருவது வயிற்றுவலிக்கு உம்மா தரும் ஓமம். எனவே இங்கு “ஹோமம்” என்பதே தெளிவு. அதேபோல “மோட்சம்” என்று கணினி எழுதியிருந்தால் அதை “மோக்ஷம்” ஆக்கத் தேவையில்லை. இரண்டும் வழக்கில் உள்ளவை, பொருளும் மாறவில்லை. “ஜபம்” என்று பேச்சாளர் சொன்னதைச் “செபம்” என்று விட்டுவைப்பதுதான் தவறு. செபம் நம் நாட்டில் கத்தோலிக்கர் தம் பிரார்த்தனைக்கு வழங்கும் சொல். ஐயம் வந்தால் இந்து நாகரிகம் கற்பிக்கும் ஆசிரியையைக் கேட்பதே நல்லது. பிறர் சமயச் சொல்லை ஊகித்து எழுதக் கூடாது.

நம் சொற்களிலும் இதே நிதானம் தேவை. “ரமலான்” என்று தமிழ்நாட்டு வழக்கில் கணினி எழுதும். நம் நாட்டுப் பாடநூல்களில் ரமழான் என்று படிக்கிறோம். அதையே காணொளி முழுவதும் வையுங்கள். அரபியின் ஸீன், ஸாத், ஸா ஆகிய மூன்றுக்கும் தமிழில் பொதுவாக “ஸ” ஒன்றையே எழுதுகிறோம். அந்த வேறுபாட்டை உபதலைப்பில் காட்ட முயன்றால் வாசிப்பவர் தடுமாறுவார். பேச்சாளர் “நோன்பு” என்று சொல்லியிருந்தால் நோன்பு என்றே இருக்கட்டும். அதை அரபிச் சொல்லாக மாற்றுவது திருத்தமல்ல.

குர்ஆன் ஓதும் பகுதி வந்தால் நிலைமை முற்றிலும் வேறு. கணினி அதைத் தமிழ்ப் பேச்சாக எண்ணி, பொருளற்ற தமிழ்ச் சொற்களை அடுக்கிவிடும். ஒரு சொல்லைக்கூடத் திருத்த முயலாமல் அவ்வரிகளை முழுவதுமாக அழித்துவிட்டு, நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இப்படி எழுதுங்கள்:

```
[குர்ஆன் ஓதப்படுகிறது: ஸூரா அல்-இக்லாஸ், 112:1-4]
```

ஸூராவின் பெயரையும் வசன எண்களையும் ஓதியவரிடமோ மௌலவியாவிடமோ கேட்டு உறுதிசெய்த பின்பே எழுத வேண்டும். வடமொழிச் சுலோகம் வந்தாலும் இதே முறைதான்.

கடைசியாக ஒரு சின்ன விடயம். “ஸ்ரீ” என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகத் தட்டலாம்: ஒன்று ஸ்ரீ, மற்றது ஶ்ரீ. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. அதனால் இரண்டையும் தனித்தனியே தேடிப் பார்த்துவிட்டு, கோப்பைக் காணொளியுடன் இணையுங்கள்.