வாங்கியவரையும் தொடரும் விளம்பரம்

கேள்வி: ஆம்பூரில் தோல் காலணி செய்வித்து இணையத்தில் விற்கிறோம். வாங்கியவர்களுக்கே எங்கள் விளம்பரம் ஓயாமல் தோன்றுகிறதாம். என்ன செய்வது? (வாசகர், கலவை)

பதில்: முதல் வருகைக்கும் வாங்கும் தினத்துக்கும் உள்ள இடைவெளியை உங்கள் கணக்கில் பாருங்கள், பெரும்பாலோர் பத்து நாளில் வாங்குகின்றனர் எனில், கூகுள் விளம்பரத்தில் வழக்கமாக 30 நாள் என்றிருக்கும் பார்வையாளர் பட்டியலின் காலத்தை 14 ஆகக் குறைத்து, ஒருவருக்கு நாளொன்றுக்கு இருமுறைக்கு மேல் விளம்பரம் தோன்றாதபடி வரம்பும் விதியுங்கள். பணம் செலுத்தியபின் வரும் நன்றிப் பக்கத்தை அடைந்தவர்களைத் தனிப் பட்டியலாக்கி, 180 நாள் வரை விலக்கி வையுங்கள்; விலக்கின் காலம் முந்தைய பட்டியலின் காலத்தினும் குறைந்தால், வாங்கியவரே மறுபடியும் உபத்திரவத்துக்கு ஆளாவார், இதுவே பலர் கவனியாத பிழை. உங்களுக்குக் கடையும் உண்டெனில், அங்கு நேரில் வந்து வாங்கியவரையோ இணையம் அறியாது. சம்மதம் பெற்று அவர்களுடைய தொலைபேசி எண்களையும் விலக்குப் பட்டியலில் ஏற்றினாலன்றி இத்தொல்லை பூரணமாக நீங்காது.