பழைய இணையக் கட்டுரையைப் புதுப்பித்தல்

வினா: 2005இல் எழுதப்பட்ட “ஒன்பது கோள்கள்” எனும் இணையக் கட்டுரை, தேடுபொறி முடிவுகளில் பின்தள்ளப்பட்டுள்ளது. எவ்வாறு புதுப்பிக்கலாம்?

விடை:

1. திருத்துக: 2006இல் புளூட்டோ குறுங்கோளாக வகைப்படுத்தப்பட்டது. எனவே தலைப்பையும் அட்டவணையையும் எட்டுக் கோள்களுக்கு ஏற்ப மாற்றுக.

2. பேணுக: ஏனைய கோள்கள் பற்றிய சரியான விளக்கங்களையும் பக்க முகவரியையும் மாற்றாதீர்கள். பிற தளங்களின் இணைப்புகள் அம்முகவரிக்கே வருகின்றன.

3. வழிமாற்றுக: இதே விடயத்தைக் கூறும் இன்னொரு பக்கம் அத்தளத்தில் இருப்பின், அதிலுள்ள பயனுள்ள பகுதியை இங்கு சேர்த்தபின், 301 நிரந்தர வழிமாற்றால் அதன் முகவரியை இக்கட்டுரைக்குத் திருப்புக. முகப்புப் பக்கத்திற்குத் திருப்பினால், தேடுபொறி அதனை இல்லாத பக்கமாகக் கருதலாம்.

குறிப்பு: “திகதியை மாற்றுதல்” என மட்டும் விடை எழுதாதீர்கள். புளூட்டோ ஒன்பதாம் கோளாகவே இருக்குமாயின், புதிய திகதியால் பிழை நீங்காது.