ஜனவரியில் நிரப்ப வேண்டிய தாள்

அன்புள்ள தம்பி,

மூன்றாமாண்டு மாணவர்களுக்காக ஜனவரி முதல் ஜூலை வரை நீ போட்டிருக்கும் பிளேஸ்மென்ட் பயிற்சித் திட்டத்தைப் படித்தேன். ஜனவரி முதல் மார்ச் வரை ஆப்டிடியூட், ஏப்ரலில் ரெஸ்யூமே, மே மாதம் செமஸ்டர் பரீட்சை, ஜூனில் மாக் இன்டர்வியூ, ஜூலையில் கம்பெனிப் பட்டியல். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

கம்பெனிப் பட்டியலை ஏன் கடைசியில் வைத்தாய்? யார் எந்தக் கம்பெனித் தேர்வில் உட்கார முடியும் என்பது ஜூலையில் தெரிய வேண்டிய செய்தி இல்லை. கூட்டமாக ஆள் எடுக்கும் பெரிய சர்வீஸ் கம்பெனிகளில் பல, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டு, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 சதவீதம் கேட்கும். நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்றும் சொல்லும். ஒரு அரியர் வரை பொறுத்துக்கொள்ளும் கம்பெனியும் உண்டு. பழைய அரியர் எத்தனை, நடுவில் எத்தனை வருஷம் இடைவெளி என்று கேட்கிறவையும் உண்டு. டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாமாண்டு சேர்ந்தவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பதில் டிப்ளமோ மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். இந்த விவரங்களை மாணவர் பெயருக்கு எதிரே கட்டம் போட்டு நிரப்ப ஒரு தாள் போதும். அந்தத் தாள்தான் உன் திட்டத்தின் முதல் வேலை.

ஏன் என்று ஒரு பையனை வைத்துச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கிறான். பத்தில் 85 சதவீதம், பன்னிரண்டில் 78, சி.ஜி.பி.ஏ. 6.8. நான்காம் செமஸ்டரில் தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் போய்விட்டது. நவம்பர்-டிசம்பரில் மறுபடி எழுதினான், மறுபடியும் போயிற்று. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரி என்றால், கம்பெனிகள் வருவதற்கு முன் அவனுக்கு மிஞ்சியிருப்பது ஏப்ரல்-மே பரீட்சை மட்டுமே. அதற்குள் விடைத்தாள் நகல், மறுமதிப்பீடு என்று ஒரு வழி இருக்கிறது. ஆனால் ரிசல்ட் வந்த சில நாட்களிலேயே அதற்கு விண்ணப்பிக்கும் காலம் முடிந்துவிடும். அரியர் தேர்வுக்கும் தேதிக்குள் பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். இந்தப் பையன் உன் திட்டப்படி மார்ச் வரை தினமும் ரயில் கணக்கும் வட்டிக் கணக்கும் போட்டுக்கொண்டிருந்தால், ஜூலையில் பட்டியல் ஒட்டும்போது, அரியரே கூடாது என்னும் கம்பெனிகள் எதிலும் அவன் பெயர் இருக்காது. ஜனவரியிலேயே தாளைப் பார்த்திருந்தால் அவன் காலை நேரத்தை அந்த ஒரு பாடத்துக்கு மாற்றியிருப்பாய். தன்னாட்சிக் கல்லூரியில் தேதிகள் வேறாக இருக்கும். அதையும் உங்கள் தேர்வுப் பிரிவில் இப்போதே கேட்டு வைத்துக்கொள்.

இன்னொரு பெண். பன்னிரண்டில் 58.5 சதவீதம், இப்போது சி.ஜி.பி.ஏ. 8.1, அரியரே இல்லை. அரியரைக் கழித்துக்கொள்ளலாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை இனி யாராலும் மாற்ற முடியாது. மூன்றிலும் 60 கேட்கும் கம்பெனிகளுக்காக அவளை ஏழு மாதம் தயார் செய்வது அநியாயம். பள்ளி மதிப்பெண்ணைப் பார்க்காமல் புரோகிராம் எழுத வைத்து ஆள் எடுக்கும் சிறிய மென்பொருள் கம்பெனிகள் இருக்கின்றன. அவளுடைய திட்டத்தில் ஆப்டிடியூடைப் பாதியாகக் குறைத்து கோடிங்கைக் கூட்ட வேண்டும். இதையும் ஜனவரியில்தான் முடிவு செய்ய முடியும்.

பூல் கேம்பஸ் நடந்த காலத்தில், எங்கள் கல்லூரிக்கு வந்த வெளியூர் மாணவர்களின் சான்றிதழ் சரிபார்க்கும் மேஜையில் நான் உட்கார்ந்திருந்தேன். இரவு பஸ் ஏறி வந்த ஒரு பையன், அட்டெஸ்ட் வாங்கிய ஜெராக்ஸ் கட்டோடு வரிசையில் நின்றான். பன்னிரண்டில் 59.6. "அறுபதுதானே சார், ரவுண்ட் பண்ணிக்கலாமே" என்றான். கம்பெனியிலிருந்து வந்தவர் மதிப்பெண் பட்டியலை மடித்து அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். கம்பெனிக் கடிதத்தில் தசமம் ரவுண்ட் செய்யக் கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தது. அவன் கல்லூரியில் அந்தக் கடிதத்தை யாரும் அவனுக்குப் படித்துக் காட்டவில்லை. ஆப்டிடியூட் புத்தகம் ஒன்றை முழுக்கப் போட்டு முடித்துவிட்டு வந்திருந்தான். அன்றிலிருந்து இந்தத் தாளைப் பற்றிப் பார்க்கிற பிளேஸ்மென்ட் ஆட்களிடமெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது குறை மாக் இன்டர்வியூ. ஏப்ரலில் ரெஸ்யூமேயை 'ஃபைனல்' செய்துவிட்டு ஜூனில் மாக் வைத்திருக்கிறாய். மதிப்பெண் தாளில் தன்னம்பிக்கைக்குப் பத்து, ஆங்கிலத்துக்குப் பத்து, உடைக்கு ஐந்து. ரெஸ்யூமேக்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை. இன்டர்வியூ எடுப்பவர் கையில் இருக்கும் ஒரே காகிதம் அதுதானே? ரெஸ்யூமேயில் ஒரு மாணவி 'லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம், PHP, MySQL' என்று எழுதியிருக்கிறாள் என்று வை. அந்த ஒரு வரியின் கீழ் மூன்று கேள்வி கேள். ஒரே புத்தகத்துக்கு ஐந்து பிரதி இருந்தால் டேபிளில் எப்படி வைத்தாய்? கடைசிப் பிரதியை இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டால் என்ன ஆகும்? நாலு பேர் குழுவில் நீ எழுதியது எது? முதல் கேள்விக்கே திணறினால் புராஜெக்டை அவள் செய்யவில்லை, அல்லது செய்ததை யோசிக்கவில்லை. மூன்றாவதற்கு 'புத்தகம் கொடுத்து வாங்கும் பகுதியும் அபராதக் கணக்கும் என்னுடையது' என்று பதில் வந்தால், ரெஸ்யூமேயில் இருக்க வேண்டிய வரி அதுதான். அதாவது மாக் முடிந்த பிறகுதான் ரெஸ்யூமே உருவாகிறது. அதனால் முதல் மாக்கை மார்ச்சிலேயே, அரைகுறை ரெஸ்யூமேயோடு வை. திருத்தச் சொல்லி, ஜூனில் அதே வரிகளை மறுபடி கேள். தெரியாத ஜாவாவையும் பைத்தானையும் ரெஸ்யூமேயிலிருந்து அவர்களாகவே அடித்துவிடுவார்கள்.

இனி ஆப்டிடியூட். இதில் நீ செய்திருப்பதைப் போல நான் எங்கேயும் பார்த்ததில்லை, மனதாரச் சொல்கிறேன். தினம் இருபது கணக்கு என்பதை எல்லாரும் போடுவார்கள். நீ விடைக்குப் பக்கத்தில் 'ஏன் போயிற்று' என்று ஒரு கட்டம் வைத்து, தெரியவில்லை, சரியாகப் படிக்கவில்லை, நேரம் போதவில்லை என்று மூன்றாகப் பிரித்திருக்கிறாயே, அபாரம். ஒருவன் 12 நாளில் முடிக்கும் வேலை, இன்னொருவன் 18 நாளில் முடிக்கும் வேலை, இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள் என்ற கணக்கைப் பின்னத்தில் போடுகிறவனுக்கு விடை வரும், நேரம் போய்விடும். மொத்த வேலையை 36 பங்கு என்று வைத்துக்கொண்டால் முதலாமவன் நாளுக்கு மூன்று, அடுத்தவன் இரண்டு, சேர்ந்து ஐந்து. 36-ஐ ஐந்தால் வகுத்தால் ஏழே கால் நாளுக்குச் சற்றுக் குறைவு. நிமிடத்துக்கு ஒரு கேள்வி என்று ஓடும் தேர்வில் இந்த வித்தியாசம்தான் கட்-ஆஃப். உன் கட்டத்தில் 'நேரம் போதவில்லை' என்று குறித்தவனுக்குப் புதுப் பாடம் வேண்டாம், இந்தக் குறுக்கு வழி போதும். 'தெரியவில்லை' என்பவனுக்கு மட்டும் வகுப்பு எடு. இந்தக் கட்டத்தை அப்படியே வைத்துக்கொள், யார் சொன்னாலும் எடுக்காதே.

கல்லூரி திறக்கும் முதல் வாரத்தில் மதிப்பெண் பட்டியல் நகல்களை வாங்கி அந்தத் தாளை நிரப்பிவிடு. செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்றே அதைத் திருத்து. மறுமதிப்பீடு வேண்டியவர்களையும் அரியர் கட்ட வேண்டியவர்களையும் அன்றைக்கே கூப்பிட்டுப் பேசு. பிறகு மாற்றிய திட்டத்தை எனக்கு அனுப்பு, படித்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்