ஸ்ரீவள்ளி என்று தேடினால் ‘புஷ்பா’ வருகிறது

கேள்வி: அப்பாவுக்கு 1940, 50களின் படப் பாட்டுதான் உயிர். ஏவி.எம். காரைக்குடியில் இருந்த காலத்துப் படங்களைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார். அவருக்காக ஒரு பாட்டுச் செயலிக்குச் சந்தா கட்டலாம் என்றிருக்கிறேன். மூன்று செயலிகள் இலவசச் சோதனைக் காலம் தருகின்றன. எதில் பழைய பாட்டு நிறைய இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகி, சிவகங்கை

பதில்: ‘நிறைய’ என்பதை விட்டுவிடுங்கள். கோடிக்கணக்கில் பாட்டு இருப்பதாக எல்லாச் செயலியும்தான் சொல்கிறது. அப்பாவுக்கு வேண்டியது இருக்கிறதா என்பதே உங்கள் கணக்கு. எம்.ஜி.ஆர்., சிவாஜி ஹிட் பாடல்களை வைத்துச் சோதிப்பதும் வீண். அவை எங்கும் கிடைக்கும்.

சோதனையைத் தொடங்கும் முன்பே அப்பாவோடு உட்கார்ந்து பதினைந்து பாட்டு எழுதிக்கொள்ளுங்கள். படம், ஆண்டு, பாடியவர், இசையமைத்தவர் நான்கும் வேண்டும். உங்கள் ஊர்ப் பக்கமே நல்ல சரக்கு இருக்கிறது. தேவகோட்டை ரஸ்தா ஸ்டுடியோவில் எடுத்த ‘நாம் இருவர்’ (1947) ஒன்று, அதில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் உண்டு. கண்ணதாசன் தயாரித்த ‘சிவகங்கைச் சீமை’ (1959) இன்னொன்று, எஸ். வரலட்சுமியும் டி.எஸ். பகவதியும் பாடிய தாலாட்டை அப்பா நிச்சயம் சொல்வார். இவற்றோடு மெய்யப்ப செட்டியாரின் ‘ஸ்ரீவள்ளி’யையும் (1945) சேருங்கள். ஒரு செயலியின் யோக்கியதையை அளக்க இதைவிடக் கடினமான படம் எனக்குத் தெரியவில்லை.

ஏனென்று பாருங்கள். ‘ஸ்ரீவள்ளி’ என்று தேடினால் முதலில் வந்து நிற்பது 2021ஆம் ஆண்டு ‘புஷ்பா’ பாட்டாக இருக்கும். அதைத் தாண்டினால் 1961இல் சிவாஜி, பத்மினி நடித்து வந்த இன்னொரு ‘ஸ்ரீவள்ளி’. 1945 படம் அதற்கும் கீழே கிடக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆகவே படப் பெயரோடு டி.ஆர். மகாலிங்கம், பி.ஏ. பெரியநாயகி என்ற பெயர்களையும் போட்டுத் தேடுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும், ஆங்கிலத்தில் `Sri Valli`, `Srivalli` இரண்டு விதமாகவும் அடித்துப் பாருங்கள். ‘நாம் இருவர்’ படத்துக்கும் இதே தொல்லைதான்: `Nam`, `Naam` இரண்டையும் அடிக்க வேண்டும். பிரபுதேவா நடித்த ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ குறுக்கே வரும்.

கிடைத்துவிட்டால் யார் பெயர் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ‘ஸ்ரீவள்ளி’யில் வள்ளியாக நடித்தவர் குமாரி ருக்மிணி. படம் வெளிவந்த பிறகு அவர் குரலை எடுத்துவிட்டுப் பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார்கள். அந்தப் பாட்டில் பெரியநாயகி பெயர் சரியாக இருந்தால், விவரம் தெரிந்த யாரோ அந்தப் பட்டியலைத் தொட்டிருக்கிறார்கள் என்று நம்பலாம். பெயர்கள் கண்டபடி இருந்தால், இருக்கிற பாட்டைக்கூட அப்பாவால் தேடி எடுக்க முடியாது.

அடுத்தது காது. ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். அந்தக் காலத்துப் பதிவு மோனோ. இரண்டு காதிலும் ஒரே ஒலிதான் வர வேண்டும். தபலா ஒரு காதிலும் வயலின் மறு காதிலுமாகப் பிரிந்து கேட்டால், அது பின்னாளில் வேறு யாரோ பாடியது, அல்லது பழைய பதிவில் கைவைத்தது. பாட்டின் நீளத்தையும் பாருங்கள். பழைய 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். நீளமான பாட்டை இரண்டு பக்கமாகப் பிரித்திருப்பார்கள். செயலியில் முதல் பாதி மட்டும் இருந்தால் அப்பா உடனே கண்டுபிடித்துவிடுவார்.

ஒரே பாட்டு ஐந்தாறு தடவை வந்தாலும் மலைக்க வேண்டாம். இந்தியாவில் ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை 60 ஆண்டு. இந்தப் பதிவுகள் அதைக் கடந்துவிட்டதால் பலரும் தத்தம் கையிலுள்ள பிரதியை ஏற்றுகிறார்கள். (எழுதியவர், மெட்டுப் போட்டவர் உரிமை தனிக் கணக்கு.) ஒன்று கரகரக்கும், இன்னொன்றில் இரைச்சலை நீக்குகிறேன் என்று குரலையே மழுங்கடித்திருப்பார்கள். எனக்குக் கரகரப்பே மேல். அப்பாவிடம் கேளுங்கள்.

மூன்று சோதனையையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். பல செயலிகளில் பாட்டு இருக்கிறதா என்று பார்க்கச் சந்தாவே தேவையில்லை. பதினைந்தில் ஏழெட்டுகூடத் தேறாததை அங்கேயே கழித்துவிடலாம். மிஞ்சியதற்கு மட்டும் சோதனையைத் தொடங்கி, ஒலித்தரமும், பதிவிறக்கிய பாட்டு இணையம் இல்லாமல் ஓடுகிறதா என்பதும் பாருங்கள்.

சோதனைக்கே யுபிஐ ஆட்டோபே கேட்பார்கள். வேண்டாமென்று முடிவானதும் செயலியை அழித்தால் போதாது. சந்தாவை ரத்து செய்து, யுபிஐ செயலியிலும் அந்த ஆட்டோபே நின்றுவிட்டதா என்று பாருங்கள். சிலவற்றில் ரத்து செய்த நிமிடமே சோதனையும் முடிந்துவிடும் என்பதால் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால் செய்வது நல்லது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனால் அந்தக் குறுஞ்செய்தியை யார் படிக்கிறார்கள்?

எதிலும் பாதிகூடத் தேறவில்லையென்றால் இந்த வருடம் சந்தாவே வேண்டாம். விளம்பரத்தோடு வரும் இலவசச் சேவையே போதும்.